அடித்தல் திருத்தல்

விட்டம் என்ற சொல் வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு வட்டம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார் சாரதா டீச்சர். மையத்தின் வழியாக இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு கோடு இழுத்துவிட்டு, "இதுக்குப் பேரு..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். ஆரம் வந்தது. நாண் வந்தது. பரிதிகூட வந்தது. இது மட்டும் நாக்குக்குப் பின்னால் எங்கோ நின்றுகொண்டு வர மறுத்தது. 33 வருஷம் கரும்பலகையில் எழுதிய சொல்.

பையன் பென்சில் முனையைக் கடித்தபடி காத்திருந்தான். பிறகு மெதுவாக, "விட்டம், டீச்சர்" என்றான்.

"கரெக்ட். நீ சொல்றியான்னுதான் பார்த்தேன்."

அவன் நம்பிவிட்டான். அவன் போன பிறகு டீச்சருக்கு அந்தச் சொல் மறந்ததைவிட இந்தப் பொய்தான் உறுத்தியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழக்கியே பெயர் எடுத்தவர் அவர். விடைத்தாளில் தப்பு வந்தால் ரப்பரால் அழிக்க விடமாட்டார். "குறுக்கே ஒரு கோடு போட்டு அடி. கீழே சரியா எழுது. எங்கே வழி தவறினேன்னு எனக்குத் தெரியணும்" என்பார். அடித்தல் திருத்தல் இல்லாத தாளுக்குத்தான் ஊரெல்லாம் மதிப்பு. இவர் அடித்தலைப் பார்த்துத்தான் பிள்ளையைப் புரிந்துகொள்வார்.

அன்று இரவு பழைய நோட்டு ஒன்றின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதினார்: மார்ச் 4. விட்டம்.

பக்கம் மெதுவாக நிறைந்தது. மார்ச் 19, மீனாவிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டேன், அவள் முகம் மாறியதைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஏப்ரல் 2, அடுப்பில் வெந்நீர், பாத்திரம் கருகியது. ஏப்ரல் 27, நூலகத்திலிருந்து திரும்பும்போது தெருமுனையில் நின்றேன். இடதா வலதா தெரியவில்லை. நாலு நிமிஷம் இருக்கும்.

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடியதை அவர் எழுதவில்லை. அது நாற்பது வயதிலும் நடந்ததுதான். சாவி, குடை, செல்போன் இதெல்லாம் யாருக்கும் தொலையும். தெருமுனை அப்படியில்லை. இருபது வருஷமாக நடக்கிற தெரு அது. அந்த நாலு நிமிஷமும் வீடுகள் எல்லாம் வீடுகளாகத்தான் இருந்தன, எதுவும் மங்கவில்லை. எந்தப் பக்கம் தன்னுடையது என்பது மட்டும் இல்லை. பிறகு யாரோ ஒருவர் சைக்கிள் மணியடித்துக்கொண்டு வலப்பக்கம் திரும்ப, சட்டென்று எல்லாம் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

மறதியைவிட மறதியை மறைப்பதுதான் ஆளை அதிகம் களைக்க வைக்கிறது. பெயர் வராத இடத்திலெல்லாம் "கண்ணா" போட்டுக்கொண்டார். பழைய மாணவர்கள் வழியில் பார்த்து வணங்கினால், "எப்படி இருக்கே கண்ணா, வேலையெல்லாம் எப்படிப் போகுது?" அவர்களுக்கு அது பாசமாகப் பட்டது. யாரும் சந்தேகப்படவில்லை என்று நினைத்திருந்தார்.

மே மாதம் ஒரு காலையில், துணி மடித்துக்கொண்டிருந்த மகளிடம் சொன்னார்.

"எனக்கு ஒரு டாக்டரைப் பார்க்கணும்."

மீனாவின் கை ஒரு நொடி நின்றது. "சரிம்மா. நான் அப்பாயின்ட்மென்ட் வாங்கறேன்" என்றாள். எந்த டாக்டர், எதற்கு என்று அவள் கேட்கவே இல்லை.

*

டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. தன் கடைசி செட் மாணவிகள் வயது. மீனா கொண்டுவந்த மாத்திரைப் பையை மேசையில் கொட்டி, ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எதுக்கும்மா?"

"அரிப்புக்குக் குடுத்தாங்க. அரிப்பு போயிடுச்சு. ராத்திரி நல்லாத் தூக்கம் வருதேன்னு அப்படியே போட்டுக்கிட்டிருக்கேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

டாக்டர் அந்தப் பெயரைத் தாளில் எழுதிச் சுற்றி வட்டமிட்டாள். சர்க்கரை மாத்திரையின் பெயரைச் சுற்றியும் ஒரு வட்டம். அது பன்னிரண்டு வருஷமாகப் போவது. தூக்கம், காது, பழைய அடி எதுவும் தலையில் பட்டதா, மனசு சோர்வாக இருக்கிறதா, கணவர் போய் எத்தனை வருஷம், வீட்டுக் கணக்கு வழக்கை யார் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவசரமே இல்லை. டீச்சர் நோட்டை எடுத்து நீட்டினார். டாக்டர் அந்தக் கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"இப்ப அஞ்சு வார்த்தை சொல்றேன். திருப்பிச் சொல்லுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேப்பேன். குடை, நதி, செம்பு, மாடி, மஞ்சள்."

"குடை, நதி, செம்பு, மாடி, மஞ்சள்."

இன்னொரு முறையும் சொல்லச் சொன்னாள். சொன்னார். இவ்வளவுதானா என்று இருந்தது.

"நூறிலேருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க."

"93, 86, 79, 72, 65, 58, 51, 44..."

"போதும்மா, போதும்" என்று டாக்டர் சிரித்தாள். டீச்சரும் சிரித்தார். உள்ளே நுழைந்ததிலிருந்து இறுகிக் கிடந்த தோள் அப்போதுதான் இறங்கியது.

"ஒரு கடிகாரம் வரையுங்க. எல்லா நம்பரும் போட்டு, பதினொண்ணு பத்து காட்டுங்க."

வட்டம் கையால் போட்டார். காம்பஸ் வைத்துப் போட்டது போலவே விழுந்தது. அந்தக் கை இன்னும் எதையும் மறக்கவில்லை. முதலில் 12, 3, 6, 9. அப்புறம் இடையில் இருப்பவை. சின்ன முள்ளைப் பதினொன்றுக்கு இழுத்தார். பெரிய முள்ளைப் பத்துக்கு இழுத்தார். பேனாவை வைத்தார்.

டாக்டர் எதுவும் சொல்லவில்லை. நல்ல வாத்தியார் சும்மா இருக்கும்போதுதான் பிள்ளை மறுபடி தாளைப் பார்க்கும். டீச்சர் பார்த்தார். இரண்டு முள்ளும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. என்னவோ சரியில்லை. என்ன என்று பிடிபடவில்லை. காது சூடானது. தாளை உள்ளங்கையால் மறைத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

"ரப்பர் இருக்குமா?"

கேட்ட பிறகுதான், தான் கேட்டது என்ன என்று உறைத்தது.

"வேண்டாம்" என்று தானே சொன்னார். பெரிய முள்ளின் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். கொஞ்ச நேரம் பேனா காற்றிலேயே நின்றது. ஐந்து, பத்து என்று உதடு எண்ணியது. இரண்டுக்கு நேராகப் புது முள் ஒன்று இழுத்தார்.

"பத்துன்னு காதுல விழுந்துச்சு. கை நேரா பத்துக்குப் போயிடுச்சு. பத்து நிமிஷம்னா ரெண்டுன்னு மாத்தணும்ல, அந்த ஒரு படி விட்டுப்போச்சு."

"தப்பு எங்கே நடந்துச்சுன்னு நீங்களே கண்டுபிடிச்சீங்க பாருங்க, அது எனக்கு ரொம்ப முக்கியம்" என்று டாக்டர் குறித்துக்கொண்டாள். "சரி, அந்த அஞ்சு வார்த்தை?"

"குடை. மாடி." சுவரைப் பார்த்தார். "நதி."

"இன்னும் ரெண்டு. ஒண்ணு ஒரு நிறம்."

"மஞ்சள்!"

"இன்னொண்ணு ஒரு உலோகம்."

இல்லை.

"தங்கம், இரும்பு, செம்பு. இதுல எது?"

"இரும்பு" என்றார்.

"செம்பும்மா."

விட்டம் வராதபோது அது பக்கத்து அறையில் நடமாடுவது போலக் கேட்டுக்கொண்டாவது இருந்தது. மஞ்சளும் அப்படித்தான், கதவைத் தட்டியதும் வந்துவிட்டது. செம்பு அப்படியில்லை. தன் வாயாலேயே இரண்டு முறை சொன்ன அந்தச் சொல் இந்த அறைக்குள் வந்த தடமே இல்லை. டீச்சர் கைக்குட்டையை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

அதற்குப் பிறகு மீனாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார்கள். வெளியே நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பெற்றோரை அழைத்து, பிள்ளையை வெளியே நிற்க வைத்துப் பேசியிருக்கிறார். கதவுக்கு இந்தப் பக்கம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அப்போது தெரியாது.

திரும்ப உள்ளே போனதும் நேராகவே கேட்டார். "எனக்கு மறதி நோயா?"

"இன்னிக்கு நான் இதுக்கு ஒரு பேர் வைக்க மாட்டேன்மா. ஆரம்பமா இருக்கலாம். வேற காரணமாவும் இருக்கலாம். சரிசெய்யக்கூடியதை முதல்ல பார்த்துடணும். நீங்க தூக்கத்துக்குப் போடறீங்களே, அந்த மாதிரி அலர்ஜி மாத்திரை வயசானவங்களுக்கு நினைவை மழுக்கும். அதை நிறுத்தப்போறோம். சர்க்கரை மாத்திரை ரொம்ப வருஷம் எடுத்தா பி12 குறையலாம், அதுவும் மறதியைக் கொண்டுவரும். அதுக்கும் தைராய்டுக்கும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க. காது டெஸ்ட் ஒண்ணு, மூளைக்கு ஒரு ஸ்கேன். ஆறு வாரம் கழிச்சு வாங்க."

"மார்க் எவ்வளவு?"

டாக்டர் தயங்கினாள். "முப்பதுக்கு 23."

"எவ்வளவு எடுத்தா பாஸ்?"

"இதுல பாஸ், ஃபெயில் இல்லைம்மா. அடுத்த தடவை எடுக்கிறதோட வச்சுப் பார்க்கத்தான் இது. உங்களை மாதிரி படிச்சவங்க மார்க்கை மட்டும் நம்பவும் முடியாது. எனக்கு உங்க நோட்டுதான் ரொம்ப உதவியா இருந்துச்சு. விடாம எழுதுங்க."

*

ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வந்து ஏறினார். மீனா வண்டியைக் கிளப்பவில்லை.

"உள்ள என்ன சொன்னே?"

"உண்மையைச் சொன்னேன். ஒரு வருஷமா கவனிக்கிறேன்னு."

"ஒரு வருஷமா? நான் மார்ச்லேருந்துதான் எழுதியிருக்கேன்."

மீனா ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ என்னைக் கண்ணான்னு கூப்பிட ஆரம்பிச்சேம்மா. பொறந்ததுலேருந்து மீனான்னுதான் கூப்பிட்டிருக்கே. கோபம் வந்தா முழுப்பேர். ஒருநாள்கூடக் கண்ணான்னு கூப்பிட்டதில்லை."

டீச்சருக்குப் பேச்சு எழவில்லை. அந்தச் சொல்லை எங்கெங்கே போட்டோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தார். இந்த இடம் அவர் கணக்கிலேயே இல்லை.

நோட்டை எடுத்தார். பஞ்சு கீழே விழுந்தது. எழுதினார்: மீனாவைக் 'கண்ணா' என்று கூப்பிட்டிருக்கிறேன். எப்போதிலிருந்து என்று தெரியாது. பிறகு அந்தப் பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, வலது பாதியைக் காலியாக விட்டு, நோட்டை மகள் மடியில் வைத்தார்.

"இந்தப் பக்கம் நீ எழுது. எனக்குத் தெரியாம நடக்கிறதையெல்லாம். எனக்கு வலிக்கும்னு பார்த்து விட்டுடாதே."

மீனா வெகுநேரம் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை பையன் வந்தான். நோட்டை விரிப்பதற்கு முன்பே டீச்சர் சொல்லிவிட்டார். "அன்னைக்கு விட்டம் எனக்கு நிஜமாவே மறந்துபோச்சு. உன்னைச் சோதிக்கிறேன்னு சொன்னது பொய்."

பையன் அவரைப் பார்த்தான். "எனக்கும் பரிட்சையில அப்படி ஆகும் டீச்சர்" என்றான். பிறகு நோட்டை நகர்த்தி, "இந்தக் கணக்குல எங்கேயோ தப்பு வருது, எங்கேன்னு தெரியல" என்றான்.

டீச்சர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.