ஊசிக்குத்துக் காயம்: தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அறிக்கை

வணக்கம். இன்று காலை 6.40-க்கு, ஆண்கள் மருத்துவ வார்டில் 14-ஆம் படுக்கை நோயாளிக்கு ரத்தம் எடுத்தபோது அவர் கையைச் சட்டென இழுத்தார். ரத்தம் படிந்த ஊசி கையுறையைத் துளைத்து என் இடது சுட்டுவிரலில் குத்தி, லேசாக ரத்தம் வந்தது. காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவினேன். 6.50-க்குப் பணி மருத்துவரிடம் சொன்னேன்.

நோயாளிக்கு வயது 52, டயாலிசிஸில் இருப்பவர். பழைய பதிவில் ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ். எச்ஐவி நிலை தெரியாது. பரிசோதனைக்குச் சம்மதித்துள்ளார், மாதிரி ஆய்வகம் போய்விட்டது. அந்த முடிவுக்காகக் காத்திராமல் 7.30-க்கு எச்ஐவி தடுப்பு மருந்தின் முதல் வேளையை எடுத்துக்கொண்டேன்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறேன், ஆன்டிபாடி அளவு மட்டும் பார்த்ததில்லை. என் அடிப்படை ரத்தப் பரிசோதனையோடு அதையும் இன்றே பார்க்க வேண்டுகிறேன். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பு மருந்து இல்லாததால் அதன் தொடர் பரிசோதனைத் தேதிகளை எழுத்தில் தாருங்கள். நோயாளிக்கு எச்ஐவி இருந்தால் 28 நாள் மருந்தையும் முடிப்பேன்.

— இரவுப் பணி செவிலியர், ஆண்கள் மருத்துவ வார்டு