திங்கக்கிழமை ஆன் பண்றதுக்கு முன்னாடி ஓட்ட வேண்டிய 7 டெஸ்ட் மெயில்

தம்பி, எண்ணெய்க் கடை மெயிலுக்கு நீ எழுதின ஸ்கிரிப்ட்ட லைவ் விடுறதுக்கு முன்னாடி இந்த ஏழையும் அனுப்பிப் பாத்துடு. ரெண்டு வருஷமா இன்பாக்ஸ்ல நான் பாத்த மாதிரியே எழுதிருக்கேன், ஆர்டர் நம்பர் ஊர் எல்லாம் மாத்தியாச்சு, நெஜ கஸ்டமர் மெயில் எதையும் டெஸ்ட்டுக்கு எடுக்காத. கடை ஜிமெயில் அட்ரஸ்ல @க்கு முன்னாடி `+test` சேத்து அனுப்பு, அதே இன்பாக்ஸுக்குத்தான் வரும், அப்புறம் தேடி மொத்தமா அழிச்சுடலாம்.

மெயில் 1
சப்ஜெக்ட்: எண்ணெய் ஆர்டர்
வணக்கம், நல்லெண்ணெய் 2 லிட்டர், கடலை எண்ணெய் 5 லிட்டர் வேணும். மேல மாசி வீதி, மதுரை 625 001.

இது சுத்தமான மெயில், "ஆர்டர்" லேபிள் விழணும், ரிப்ளை போகணும். பின்கோடு நடுவுல ஸ்பேஸ் இருக்கு பாரு, ஷீட்ல 625001ன்னு ஒண்ணா ஏறணும்.

மெயில் 2
சப்ஜெக்ட்: (காலி)
போன மாசம் மாதிரியே அனுப்பிடுங்க, தேங்காய் எண்ணெய் மட்டும் வேணாம்.
> ஆர்டர் SE-1019: கடலை எண்ணெய் 5 லிட்டர், தேங்காய் எண்ணெய் 3 லிட்டர்

கீழ ஒட்டியிருக்கிற பழைய மெயில படிச்சுட்டு 3 லிட்டர் தேங்காய் எண்ணெய புது ஆர்டரா போட்டா ஃபெயில். "ஆள் பாக்கணும்" லேபிளுக்குப் போனா போதும்.

மெயில் 3
சப்ஜெக்ட்: hi
```
anna bottle leak aagi vandhuchu, box full ah ennai.
SE-1042. photo anuppirken
```
ஃபோட்டோ சேக்காமலே அனுப்பு, பாதிப் பேரு அப்படித்தான் மறந்துடறாங்க. "கம்ப்ளெய்ன்ட்" லேபிள் விழணும், அட்டாச்மென்ட் இல்லன்னு ஸ்கிரிப்ட் நின்னுடக் கூடாது.

மெயில் 4
சப்ஜெக்ட்: ennai
```
tzf;fk;. ey;nyz;nza; 3 ypl;lu; Ntz;Lk;.
```
குப்பைன்னு நெனைச்சுடாத, இது பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணது. "வணக்கம். நல்லெண்ணெய் 3 லிட்டர் வேண்டும்"னு கேட்டிருக்காங்க. பழைய டைப்பிங் படிச்ச பெரியவங்க இன்னும் இப்படி அனுப்புறாங்க, ஸ்பேம்ல தள்ளாம "ஆள் பாக்கணும்"ல விழணும்.

மெயில் 5
சப்ஜெக்ட்: ஆர்டர் + ஒரு கேள்வி
கடலை எண்ணெய் 2 டின், இல்ல இல்ல 1 போதும், 03/04க்குள்ள வேணும் வீட்ல விசேஷம், அப்புறம் SE-1033 இன்னும் வரலையே என்னாச்சு?

இதுல எல்லாமே வம்பு. டின்னுன்னா 15 கிலோவா 15 லிட்டரான்னு தெரியாது, எண்ணெய் தண்ணிய விட லேசு, ரெண்டுக்கும் ஒரு கிலோவுக்கு மேலயே வித்தியாசம் வரும். தேதி ஏப்ரல் 3, மார்ச் 4 ஆயிடக் கூடாது. ஒரே மெயில்ல புது ஆர்டர் ஒண்ணு, ஸ்டேட்டஸ் கேள்வி ஒண்ணு. ஸ்கிரிப்ட் எதையும் தானா முடிவு பண்ண வேணாம், எங்கிட்ட தள்ளிவிடட்டும்.

மெயில் 6
சப்ஜெக்ட்: Automatic reply: எண்ணெய் ஆர்டர்
நான் ஊரில் இல்லை, வந்ததும் பதில் அனுப்புகிறேன்.

இத கையால டைப் பண்ணி அனுப்புனா பத்தாது, இன்னொரு அக்கவுன்ட்ல வெகேஷன் ரெஸ்பான்டர் ஆன் பண்ணி வரவை. ஹெடர்ல `Auto-Submitted: auto-replied` இருந்தா நாம பதில் போடவே கூடாது. மெஷினும் மெஷினும் மாறி மாறி ரிப்ளை போட ஆரம்பிச்சா சாதா ஜிமெயில்ல ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு நாளைக்கு இருக்கிற 100 மெயிலும் காலி, அன்னிக்கு நெஜ கஸ்டமருக்கு ஒண்ணும் போகாது.

மெயில் 7
சப்ஜெக்ட்: ஆர்டர் SE-1057
வணக்கம். இந்த ஆர்டர் போட்டது எங்க அப்பா. போன வியாழக்கிழமை தவறிட்டாங்க. பார்சல் இன்னும் கிளம்பலைன்னா நிறுத்திடுங்க. பணம் மெதுவா அனுப்பினா போதும்.

இத மூணு தடவை ஓட்டு. சப்ஜெக்ட்ல "ஆர்டர்"னு இருக்கிறதால "உங்கள் ஆர்டருக்கு நன்றி!"ன்னு போகலாம். அது போகலைன்னாலும் "தவறு, தவறான" ரெண்டையும் பிடிக்க கம்ப்ளெய்ன்ட் லிஸ்ட்ல "தவற"ன்னு நீ போட்டு வச்சிருக்க, "தவறிட்டாங்க" அதுல மாட்டிக்கிட்டு "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், ஃபோட்டோ அனுப்பவும்"னு போயிடும். எங்க சித்தப்பா போனப்ப ஒரு கம்பெனில இருந்து சித்திக்கு அந்த மாதிரி ஒரு மெயில் வந்துச்சு, அவங்க அத வாசிச்சுட்டு உக்காந்திருந்தது எனக்கு இன்னும் மறக்கல. "காலமானார்", "இறந்துட்டார்", "இப்ப இல்ல"ன்னு ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி எழுதுவாங்க, அந்த வார்த்தையெல்லாம் லிஸ்ட் போட்டு மாளாது. அதனால பழைய ஆர்டர் நம்பர் இருக்கிற எந்த மெயிலுக்கும் தானா ரிப்ளை போகாதபடி மாத்திடு, கம்ப்ளெய்ன்ட்டா இருந்தாலும் சரி.

ஒவ்வொண்ணுக்கும் என்ன லேபிள் விழுந்துச்சு, ரிப்ளை போச்சா இல்லையான்னு எழுதி சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அனுப்பு. ஏழாவதுக்கு ஒரு ரிப்ளை போயிருந்தாக்கூட திங்கக்கிழமை லேபிள் மட்டும் ஓடட்டும், பதில நான் கையால போட்டுக்கறேன்.

– அக்கா