கடல் எச்சரிக்கை பற்றிய தொலைபேசிக் கேட்பு: பதில்களின் கணக்கும் கருத்துகளின் தொகுப்பும்

குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களின் கூட்டுக் குழுவுக்கு, 2025 செப்டம்பர்

மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31 அன்று முடிந்து படகுகள் கடலுக்குப் போன பிறகு, ஆகஸ்ட் மாதம் முழுக்க நம் தன்னார்வலர்கள் வீடு வீடாகத் தொலைபேசியில் பேசிப் பதிவுசெய்த உரையாடல்களின் கணக்கு இது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான புயல் மாதங்கள் தொடங்கும் முன் குழு கூடும்போது கையில் இருக்க வேண்டும் என்பதற்காக இப்போதே தருகிறேன்.

மொத்தம் 92 பதிவுகள் வந்தன. அவற்றில் 3 பேர் பதிவு செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்; அவற்றைக் கேட்காமலே அழித்துவிட்டோம். 5 அழைப்புகள் முதல் கேள்விக்கு முன்பே துண்டிக்கப்பட்டிருந்தன. மீதி 84. தேங்காய்ப்பட்டணம் முதல் நீரோடி வரையுள்ள தூத்தூர் பக்கத்தில் 46 வீடுகள், முட்டம் முதல் குளச்சல் வரை 38 வீடுகள். பேசியவர்களில் 51 பேர் பெண்கள், 33 பேர் ஆண்கள். ஆண்கள் கடலில் இருந்த நேரத்தில் அழைத்தோம். ஆகவே இது பெரும்பாலும் கரையில் காத்திருப்பவர்களின் குரல். எண்களைப் படிக்கும்போது இதை மறக்க வேண்டாம். எண்ணிக்கை சிறியது என்பதால் சதவீதம் போடவில்லை. மாவட்டம் முழுவதற்கும் இதுவே நிலை என்று யாரும் மேடையில் சொல்லிவிடக் கூடாது.

ஒவ்வொரு பதிவையும் இருவர் தனித்தனியாகக் கேட்டுக் குறித்தோம். குறிப்புகள் மாறுபட்ட இடங்களில் சேர்ந்து உட்கார்ந்து மறுபடியும் கேட்டோம். நடுவில் துண்டித்துப்போன 7 அழைப்புகளில் அதுவரை சொன்ன பதில்களை மட்டும் சேர்த்திருக்கிறோம். அதனால்தான் கேள்விக்குக் கேள்வி மொத்தம் மாறுகிறது.

கேள்வி 1. உங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர் எந்த வகைத் தொழில் செய்கிறார்? (84 பேர்)

வள்ளம் அல்லது கட்டுமரத்தில் அன்றே போய்த் திரும்புகிறவர்: 35
சில நாள் தங்கித் திரும்புகிறவர்: 14
வாரக்கணக்கில் ஆழ்கடல் தங்கல்: 31
இப்போது யாரும் போவதில்லை: 4

தங்கல் தொழில் செய்யும் 31 வீடுகளில் 28 வீடுகள் தூத்தூர் பக்கத்தவை. இது எதிர்பார்த்ததுதான்.

கேள்வி 2. கடைசியாகக் கடல் சீற்றம் ஏற்பட்டபோது எச்சரிக்கை முன்கூட்டியே வந்ததா? (84 பேர்)

வந்தது: 61
வரவில்லை: 12
நினைவில்லை: 7
எந்தப் பக்கமும் சேர்க்க முடியாத பதில்: 4

இந்த 61 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் நிலைமை நன்றாக இருப்பதாகத் தோன்றும். பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. தூத்தூர் பக்கத்தில் ஒரு தாயாரிடம் நம் தன்னார்வலர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார். “வந்தது, வந்தது” என்று உடனே பதில் வருகிறது. தாளில் “வந்தது” என்ற கட்டத்தில் கோடு விழுந்துவிட்டது. அடுத்த கேள்விக்குப் போக நம் ஆள் மூச்சு எடுக்கும் இடைவெளியில் அவர் தொடர்கிறார்: “எனக்கு வந்து என்ன செய்ய? பிள்ளை லட்சத்தீவுப் பக்கம் கிடக்கிறான். அவனுக்கல்லவா வர வேண்டும்?”

அதைக் கேட்ட பிறகு “வந்தது” என்று சொன்ன 61 பதிவுகளையும் மீண்டும் எடுத்தோம். யாருக்கு முதலில் வந்தது என்று நாம் கேட்கவே இல்லை. இருந்தும் 49 பேர் தாமாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் 34 பேர் சொன்னது, கரையில் வீட்டில் இருந்தவருக்கு வந்தது என்று. இன்னும் புறப்படாமல் கரையில் நின்ற தொழிலாளிக்கு வந்தது என்றவர்கள் 9 பேர். கடலில் இருந்தவருக்கே நேரடியாக வந்தது என்றவர்கள் 6 பேர்தான். குழு இந்த அறிக்கையில் ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்வதானால் அது இந்த 6 ஆக இருக்கட்டும்.

கேள்வி 3. எந்த வழியில் தெரிந்தது? (எச்சரிக்கை வந்தது என்ற 61 பேர், ஒருவர் பல வழிகளைச் சொல்லலாம்)

கோயில் மைக்: 38
வாட்ஸ்அப்: 29
தொலைக்காட்சி: 22
அக்கம்பக்கத்தார்: 17
கைபேசிக் குறுஞ்செய்தி: 14
படகு வயர்லெஸ்: 9
அரசு ஆள் நேரில் வந்து சொன்னது: 5

கூட்டினால் 134 வரும். ஒருவர் இரண்டு மூன்று வழிகளைச் சொன்னதால் அப்படி. பட்டியலின் முதல் ஐந்து வழிகளும் கரையில் இருப்பவருக்கே எட்டுபவை. கைபேசிக் கோபுரத்தின் எல்லை தாண்டினால் வாட்ஸ்அப்பும் குறுஞ்செய்தியும் இல்லை. படகு வயர்லெஸ்ஸும் கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் எட்டுவது கடினம். அதற்குமேல் ஒரு படகு இன்னொரு படகுக்குச் சொல்லி, அது அடுத்ததற்குச் சொல்லித்தான் செய்தி போய்ச் சேர வேண்டும்.

கேள்வி 4. எச்சரிக்கை தெரிந்த பின் என்ன செய்தீர்கள்? (59 பேர்)

கடலுக்குப் போகவில்லை: 27
போயிருந்தவரைத் தொடர்புகொள்ள முயன்றும் முடியவில்லை: 15
போயிருந்தவர் திரும்பி வந்தார்: 8
எச்சரிக்கையை மீறிப் போனார்: 6
வேறு பதில்: 3

தொடர்புகொள்ள முடியாத 15 பேரில் 13 பேர் தூத்தூர் பக்கம். மீறிப் போன 6 பேரின் வீட்டாரும் காரணத்தை மறைக்காமல் சொன்னார்கள்: டீசலும் ஐஸும் ஏற்றியாகிவிட்டது, வட்டிக்கு வாங்கிய பணம், போன தடவை எச்சரித்த நாளில் கடல் அமைதியாக இருந்தது. இவர்களைக் குற்றவாளிகள்போல ஒரு தனிப் பட்டியலாகப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி 5. எச்சரிக்கையை எந்த அளவுக்கு நம்புகிறீர்கள்? (77 பேர்)

முழுமையாக: 25
பெரும்பாலும்: 30
சில சமயம்: 16
நம்புவதில்லை: 6

82 பேரிடம் கேட்கப்பட்டது. 5 பதிவுகளில் கேட்டவர் “நம்புவீர்கள்தானே?” என்று தம் சொல்லையும் சேர்த்துவிட்டார், அந்தப் பதில்களை நீக்கிவிட்டோம். நாங்கள் இருவரும் அதிகம் மாறுபட்டதும் இந்தக் கேள்வியில்தான். “எல்லாம் மாதாவின் கையில்” என்ற பதிலை எங்கே சேர்ப்பது? அதற்கு முன்னும் பின்னும் சொன்னதைக் கேட்டு, அளவைச் சுட்டும் ஒரு சொல்லாவது இருந்தால் மட்டுமே கட்டத்தில் போட்டோம்.

கேள்வி 6. கள்ளக்கடல் ஏறி வீட்டுக்குள்ளோ வாசலுக்கோ தண்ணீர் வந்ததுண்டா? (78 பேர்)

ஆம் 29, இல்லை 49.

கேள்வி 7. படகில் உயிர்காப்பு உடை இருக்கிறதா? (77 பேர்)

எல்லோருக்கும் இருக்கிறது: 31
சிலருக்கு மட்டும்: 22
இல்லை: 13
தெரியாது: 11

“தெரியாது” என்ற 11 பேரும் பெண்கள். இருக்கிறது என்பது உடுத்துகிறார்கள் என்பதாகாது. அதை நாம் கேட்கவில்லை.

கேள்வி 8. என்ன மாற வேண்டும்? (திறந்த கேள்வி)

77 பேரில் 12 பேர் ஒன்றுமில்லை என்றார்கள். மற்ற 65 பேர் பேசியதைக் கருத்துக் கருத்தாகப் பிரித்தால் 118 வருகிறது. தலைப்புகளை முன்கூட்டியே வகுக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்ட பிறகே, திரும்பத் திரும்ப வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்தோம். அவர்கள் பேச்சை எழுத்து நடைக்கு மாற்றியிருக்கிறோம். கடல் சொற்களை மட்டும் அப்படியே விட்டோம்.

*கடலில் இருப்பவருக்குச் செய்தி சேரவில்லை: 37 கருத்துகள்.* மிகப் பெரிய தொகுதி இதுதான். ஆழ்கடலுக்குச் செயற்கைக்கோள் தொலைபேசி வேண்டும் என்பது அதிகம் வந்த கோரிக்கை. செய்தியைப் பெறும் கருவி போதாது, இங்கிருந்து கேட்டால் அங்கிருந்து பதில் சொல்லவும் வழி வேண்டும் என்று பலர் வற்புறுத்தினார்கள். “மைக்கில் சொன்னவுடன் தெருவே அழுகிறது. கடலில் போனவர்களுக்கு மட்டும் தெரியாது” என்றார் ஒருவர். கொச்சியிலிருந்தும் மற்ற மாநிலத் துறைமுகங்களிலிருந்தும் தொழிலுக்குப் போகும் படகுகள் யார் கணக்கிலும் வருவதில்லை என்ற குறையும் இதில் அடங்கும்.

*எச்சரிக்கை பேசும் மொழி: 24 கருத்துகள்.* “மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று, இடையிடையே 65 கிலோமீட்டர்” என்ற வாசகம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் முட்டத்தைச் சேர்ந்த மூத்த மீனவர் கேட்டது நியாயமான கேள்வி: “எத்தனை பாகம் ஆழத்தில்? நீவாடு எந்தப் பக்கம்? காலையிலா, ராத்திரியா? அதைச் சொன்னால் போகலாமா வேண்டாமா என்று நானே முடிவெடுப்பேன்.” குமரிக்கடல் என்று பொதுவாகச் சொன்னால் கரையோரத் தொழிலாளியும் வீட்டில் இருக்கிறான், அரபிக்கடலின் நடுவில் இருப்பவனோ அது தனக்கில்லை என்று நினைக்கிறான் என்றும் ஒருவர் விளக்கினார். இந்தத் தொகுதியில் பேசியவர்களில் ஆண்களே அதிகம். நம்பிக்கை பற்றிய 5ஆம் கேள்வியில் “சில சமயம்” என்ற 16 பேரில் 9 பேர் இங்கும் வருகிறார்கள்.

*போகாத நாளின் கூலி: 21 கருத்துகள்.* தடைக்காலத்துக்கு நிவாரணம் உண்டு, எச்சரிக்கை நாளுக்கு இல்லை. தொடர்ந்து சில நாள் எச்சரிக்கை வந்தால் அடகுக்கடைக்குத்தான் போக வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள்.

*தேடுதலும் மீட்பும்: 16 கருத்துகள்.* நம் கேள்விகளில் ஒக்கி என்ற பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் இந்த 16-இல் 14 கருத்துகள் 2017 நவம்பர் 30 பற்றியவை. பல பதிவுகளில் இந்த இடத்தில் பேச்சு நின்று, நீண்ட மௌனத்துக்குப் பிறகு தொடர்கிறது. கேட்பவர்கள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தது மிகவும் சரி. “தேடப் போகிறவர்களோடு எங்கள் ஊர் ஆட்களையும் கூட்டிப்போங்கள், படகு எங்கே ஒழுகும் என்று அவர்களுக்குத் தெரியும்” என்பதே இவற்றின் சாரம். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை இருவர் மட்டும் சொன்னார்கள்.

*கடல் அரிப்பு: 11 கருத்துகள்.* தூண்டில் வளைவு கேட்டும், தடுப்புச்சுவர் கேட்டும் வந்தவை. பக்கத்து ஊரில் வளைவு போட்ட பிறகு தங்கள் கரை கரைகிறது என்று இரண்டு பேர் சொன்னதைக் குழு தனியே விசாரிக்க வேண்டும்.

*மற்றவை: 9 கருத்துகள்.* டீசல் மானியம், சாலை, மீன் விலை. எச்சரிக்கையோடு தொடர்பில்லாதவை, இருந்தாலும் விட்டுவிடவில்லை, பின்னிணைப்புத் தாளில் அப்படியே இருக்கின்றன.

ஒருவரே இரண்டு மூன்று தொகுதிகளில் வருவதால் இந்த எண்கள் கருத்துகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அல்ல.

அடுத்த சுற்றுக்கு மூன்று வேண்டுகோள்கள். தங்கல் முடித்துக் கரைக்கு வந்திருக்கும் ஆண்களையும் அழைக்க வேண்டும். 7ஆம் கேள்வியோடு “கடைசிப் பயணத்தில் உடுத்தினார்களா?” என்பதைச் சேர்க்க வேண்டும். 2ஆம் கேள்வியை இரண்டாகப் பிரித்து, “கரையில் உங்களுக்கு எச்சரிக்கை எப்போது வந்தது?”, “கடலில் இருந்தவருக்கு எப்போது வந்தது?” என்று கேட்க வேண்டும்.

பதிவுகளில் இருந்த பெயர்களையும் தொலைபேசி எண்களையும் கணக்குத் தாளில் ஏற்றவில்லை. ஒலிப்பதிவுகள் டிசம்பர் முடியும் வரை குழுச் செயலாளரிடம் பூட்டிய பெட்டியில் இருக்கும். எந்த எண்ணிலாவது சந்தேகம் இருப்பவர்கள் அதற்குள் வந்து கேட்டுச் சரிபார்க்கலாம். பிறகு அவை அழிக்கப்படும்.