சாய்வும் நேர்க்கோட்டின் சமன்பாடும்: பயிற்சித்தாள் 4

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, கணிதம், ஆயத்தொலை வடிவியல்
நேரம்: 45 நிமிடம். வரைபடத்தாளும் அளவுகோலும் தேவை.

சென்ற வாரத் தேர்வில் சூத்திரத்தைத் தவறாக எழுதியவர் ஒருவர்கூட இல்லை. அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மதிப்பெண் போனதெல்லாம் கழித்தலில்தான். அதனால் இந்தத் தாளில் கணக்குகளைக் குறைத்திருக்கிறேன். ஒரு வரியையும் தாண்டாமல் நிதானமாகச் செய்யுங்கள்.

செய்து காட்டிய கணக்கு

A(−2, 5), B(4, −7) ஆகிய புள்ளிகள் வழியே செல்லும் நேர்க்கோட்டின் சமன்பாடு காண்க.

எண்களைத் தொடுமுன் இரு புள்ளிகளையும் வரைபடத்தாளில் குறியுங்கள். A இடப்பக்கம் மேலே, B வலப்பக்கம் கீழே. இடமிருந்து வலமாகப் போகும்போது கோடு இறங்குகிறது. ஆகவே சாய்வு குறை எண்ணாகத்தான் வரவேண்டும். இதை ஓரத்தில் குறித்துவைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள்.

m = (y₂ − y₁)/(x₂ − x₁)
m = (−7 − 5)/(4 − (−2))
m = −12/6 = −2

தேர்வில் பலர் சறுக்கிய இடம் இரண்டாவது வரியின் பகுதி. 4 − (−2) என்பதை அடைப்புக்குறி இல்லாமல் 4 − 2 என்று எழுதினால் பகுதி 2 ஆகிவிடும், சாய்வு −6 ஆகிவிடும். குறை எண்ணைப் பிரதியிடும்போது அடைப்புக்குறியை விடவே கூடாது.

இன்னொரு தவறு வரிசையில் நிகழ்கிறது. மேலே B-யிலிருந்து A-யைக் கழித்தவர், கீழே A-யிலிருந்து B-யைக் கழித்துவிட்டார்: −12/(−6) = 2. கோடு ஏறுவதாக விடை வந்துவிட்டது. எந்தப் புள்ளியை முதலில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். A-யில் தொடங்கினாலும் (5 − (−7))/(−2 − 4) = 12/(−6) = −2 என்றுதான் வரும். மேலே எடுத்த வரிசையையே கீழேயும் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனிச் சமன்பாடு. A-யையும் சாய்வையும் புள்ளி-சாய்வு வடிவத்தில் பிரதியிடுவோம்.

y − y₁ = m(x − x₁)
y − 5 = −2(x + 2)
y − 5 = −2x − 4
2x + y − 1 = 0

A-யைப் பயன்படுத்திக் கண்ட சமன்பாட்டை B-யைக் கொண்டு சோதிக்க வேண்டும். 2(4) + (−7) − 1 = 8 − 7 − 1 = 0. சரி. சாய்வு 2 என்று தவறாக எடுத்திருந்தால் y = 2x + 9 கிடைக்கும்; அதில் x = 4 எனப் பிரதியிட்டால் y = 17 வரும், −7 வராது. A-யைக் கொண்டு சோதித்தால் இந்தத் தவறு பிடிபடாது, ஏனெனில் எந்தச் சாய்வை எடுத்தாலும் A அந்தக் கோட்டின்மீது இருக்கும்.

பயிற்சி

1. C(−1, 2), D(5, 6) வழியே செல்லும் கோட்டின் சமன்பாட்டை ax + by + c = 0 வடிவில் எழுதுக. சாய்வு பின்னமாக வரும். சுருக்கிய பிறகு பிரதியிடவும்.

2. P(3, −1), Q(3, 6) வழியே ஒரு கோடு. R(−5, 4), S(2, 4) வழியே இன்னொரு கோடு. இரண்டின் சாய்வையும் சமன்பாட்டையும் காண்க. இரண்டையும் முதலில் வரைந்து பாருங்கள். 7/0, 0/7 இரண்டையும் ஒன்றென எண்ணிவிடாதீர்கள்.

3. (−4, −3), (2, 1), (8, 5) ஒரே கோட்டில் அமையுமா? சாய்வைக் கொண்டு நிறுவுக.

4. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒன்று (0, 0) என்ற புள்ளியில் தொடங்கி (6, 0.5) என்ற புள்ளியில் முடிகிறது, அளவுகள் மீட்டரில். சாய்வு 1/12-ஐ விட மிகக் கூடாது என்றால், இது தகுமா? அதே 6 மீட்டர் கிடைத்தொலைவில் 0.75 மீட்டர் உயரம் ஏற்றினால் என்ன ஆகும்?

5. தண்ணீர் உறையும் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ், அதாவது 32 டிகிரி பாரன்ஹீட். கொதிப்பது 100 டிகிரி செல்சியஸ், அதாவது 212 டிகிரி பாரன்ஹீட். செல்சியஸை x அச்சிலும் பாரன்ஹீட்டை y அச்சிலும் கொண்டு (0, 32), (100, 212) வழியே செல்லும் கோட்டின் சமன்பாடு காண்க. இரு அளவிலும் ஒரே எண் வரும் வெப்பநிலை எது? அறிவியல் பாடத்தில் மனப்பாடம் செய்த சூத்திரத்தை இங்கே நீங்களே உருவாக்குகிறீர்கள்; எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

விடைகள் (செய்து முடித்த பிறகு பார்க்கவும்)

1. m = 2/3; 2x − 3y + 8 = 0.
2. PQ-வின் சாய்வு வரையறுக்கப்படவில்லை, x = 3. RS-இன் சாய்வு 0, y = 4.
3. அமையும், இரு சாய்வுகளும் 2/3, நடுப்புள்ளி (2, 1) இரண்டுக்கும் பொது.
4. முதலாவது சரியாக 1/12, தகும். இரண்டாவது 1/8, தகாது.
5. y = (9/5)x + 32. y = x எனப் பிரதியிட்டால் x = −40.

விடை மாறி வந்தவர்கள் அழித்துவிட்டுத் திருத்த வேண்டாம். தவறு நேர்ந்த வரியின்கீழ் கோடிட்டு, பக்கத்தில் சரியான வரியை எழுதி, வரைபடத்தாளுடன் வியாழக்கிழமை முதல் பாடவேளையில் கொடுங்கள்.