சித்தி, உங்கள் ரத்த ரிப்போர்ட் பற்றி

சித்தி, போட்டோ கிடைத்தது. ஐந்து இடத்தில் தடித்த எழுத்து இருப்பதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். ஐந்தும் ஒரே அளவு முக்கியமானவை இல்லை. லேப்பில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், சிகிச்சையை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் பொட்டாசியம். 5.6 என்று இருக்கிறது, பக்கத்தில் 3.5 – 5.1. ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சிவப்பணுக்கள் உடைந்தால், உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து எண் பொய்யாக ஏறிவிடும். அப்படி ஆகியிருந்தால் லேப்காரர்கள் தாளின் அடியில் குறிப்பு எழுதுவார்கள். உங்கள் போட்டோவில் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. அதை உடனே எடுத்து அனுப்புங்கள். குறிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்றே டாக்டரிடம் சொல்லி மறுபடி ரத்தம் கொடுத்துவிடுங்கள். சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும், அதனால் மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். நெஞ்சு படபடப்போ கைகால் தளர்ச்சியோ வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் ஹீமோகுளோபின் 10.8, பெண்களுக்கு இந்த லேப் போட்டிருக்கும் அளவு 12 – 15. இதைத் தனியாகப் பார்க்கக் கூடாது. கீழே எம்.சி.வி. 72 (80 – 100), அதாவது சிவப்பணுக்கள் சிறுத்திருக்கின்றன. ஆர்.டி.டபிள்யூ. 17.2 (11.5 – 14.5), அதாவது சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கின்றன. மூன்றும் சேர்ந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். பரம்பரையாக வரும் தலசீமியா மைனர் என்ற ரத்தக் குறைபாட்டிலும் அணுக்கள் சிறுக்கும், ஆனால் அதில் சிவப்பணு எண்ணிக்கை பெரும்பாலும் 5-க்கு மேல் இருக்கும். உங்களுக்கு 4.7. 72-ஐ 4.7-ஆல் வகுத்தால் 15 சொச்சம் வருகிறது. 13-க்கு மேல் என்றால் இரும்புக் குறைவுப் பக்கம்தான் சாயும். இது கணக்கு மட்டுமே, உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் பார்த்தால்தான் உறுதியாகும். அதுவரை கடையில் இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். மாதவிலக்கில் அதிகம் போகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று டாக்டர் கேட்பார். கூச்சப்படாமல் சொல்லுங்கள், இரும்பு எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

லிம்போசைட் 41 சதவீதம் (20 – 40) என்பதை விட்டுவிடுங்கள். மொத்த வெள்ளையணு 6,800, அதில் 41 சதவீதம் 2,800-க்குள்தான், அது சரியான அளவு. பக்கத்தில் போடும் அளவே ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு வரும் எண்களை வைத்துப் போட்டதுதான். மீதி 5 பேருக்கு எந்த நோயும் இல்லாமலே தடித்த எழுத்து விழும். இருபது டெஸ்ட் எடுத்தால் ஒன்றாவது வெளியே விழுவது சகஜம்.

கிரியேட்டினின் வரிசையில் தாள் மடிந்து நிழல் விழுந்திருக்கிறது. 0.9-ஆ 1.9-ஆ என்று தெரியவில்லை. ஊகித்துச் சொல்ல மாட்டேன், அது சிறுநீரகம் சம்பந்தப்பட்டது, பொட்டாசியத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. தாளை மேஜையில் விரித்து, ஃபிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து இன்னொரு போட்டோ எடுங்கள். போன வருட ரிப்போர்ட் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.