அன்னையர் தினம் மே 10, ஞாயிறு: உங்க பட்ஜெட் எவ்வளவு?

அம்மாவுக்கு என்ன வாங்கறதுன்னு யோசிக்கிறவங்க முதல்ல தேதியைப் பாத்துக்கோங்க. மே 1 வெள்ளி, மே தின விடுமுறை. மே 3 ஞாயிறு. இந்த ரெண்டு நாளும் கூரியர் நகராது. 10-ம் தேதியும் ஞாயிறுதான். அதனால பார்சல் 9-ம் தேதி சனிக்கிழமைக்குள்ள அம்மா கைக்குப் போயிடணும்.

கடைசி ஆர்டர் தேதி:
▪ பழைய போட்டோ சரிசெய்து ஃப்ரேம், ரெசின் ஃப்ரேம்: ஏப்ரல் 28, செவ்வாய்
▪ பேர், போட்டோ போடற மத்ததெல்லாம், வெளி மாநிலத்துக்கு: ஏப்ரல் 30, வியாழன்
▪ அதுவே தமிழ்நாட்டுக்குள்ள: மே 5, செவ்வாய் மாலை 6 மணி
▪ மதுரை அண்ணா நகர் கடையில நேர்ல வாங்கிக்க: மே 8, வெள்ளி
▪ பேர் போடாத ரெடி அயிட்டம்: மே 9 ராத்திரி 9 வரை கடை திறந்திருக்கும்

ரெசினுக்கு ஏன் இவ்வளவு முன்னாடின்னு கேக்கறாங்க. ஊத்தின ரெசின் நல்லா இறுகவே 3 நாள் வேணும். அவசரப்பட்டு பேக் பண்ணினா கவர் ஒட்டி மேல்பக்கம் தடம் விழுந்துடும். அப்புறம் அதைச் சரிசெய்ய முடியாது.

₹300-க்குள்ள
போட்டோ மக், பெட்டியோட ₹279. ரெண்டு பக்கமும் படம் வரும். கைப்பிடிகிட்ட பிரிண்ட் வராது, அதனால ஓரத்துல ஆள் நிக்கற குரூப் போட்டோ வேண்டாம். அம்மா முகம் நடுவுல இருக்கற படமா அனுப்புங்க. கம்பி நார் போட்டுத் தேய்க்கக்கூடாது. சூடு பட்டா படம் தெரியற மேஜிக் மக் ₹349, ஆனா அதை மைக்ரோவேவ்ல வைக்கக்கூடாது. தினம் காபி குடிக்கிற அம்மாவுக்கு சாதா மக்தான் நல்லது.

₹500-க்குள்ள
8×12 போட்டோ ஃப்ரேம் ₹449. பூஜை அறை, அடுப்படிப் பக்கம் மாட்டறதா இருந்தா கண்ணாடி போட்டதைக் கேளுங்க, ₹60 கூட. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சு எடுத்துடலாம்.

₹1000-க்குள்ள
எங்க தேர்வு சுங்குடிச் சேலைதான். மதுரை வெயிலுக்குன்னே பொறந்த காட்டன். பிரிண்ட் சுங்குடி ₹690, கண்ணாடி வளையல் ஒரு டஜன், குங்குமச் சிமிழ் சேத்து ₹890. இதுல ரவிக்கைத் துணி வராது. முதல் தடவை கல்லுப்பு போட்ட தண்ணில தனியா அலசச் சொல்லுங்க, மெரூன், பச்சை சாயம் கொஞ்சம் விடும். வளையல் அளவு (2.4, 2.6, 2.8) கேட்டுட்டு வாங்க. தெரியலையா, அம்மாவோட பழைய வளையல் ஒண்ணு எடுத்துட்டு வாங்க.
வேலைக்குப் போற அம்மாவா? 750 மி.லி. ஸ்டீல் ஃபிளாஸ்க், பேர் பொறிச்சு ₹849.

₹1500-க்குள்ள
அப்பா அம்மா கல்யாண போட்டோ. மங்கி, கறை படிஞ்சு, மூலை மடிஞ்சு இருந்தாலும் சரிசெய்து 12×18 ஃப்ரேம்ல போட்டுத் தர்றோம், ₹1450. கண்ணாடியோட செல்போன்ல எடுத்து அனுப்பாதீங்க, டியூப்லைட் வெளிச்சம் முகத்து மேலயே விழும். ஃப்ரேமிலிருந்து கழட்டி ஸ்கேன் பண்ணணும். போட்டோ கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருந்தா மட்டும் பிரிக்காதீங்க! இழுத்தா முகம் உரிஞ்சு கண்ணாடியோட வந்துடும். அப்படியே கடைக்குக் கொண்டு வாங்க, உங்க கண்ணு முன்னாடியே வச்சு ஸ்கேன் பண்ணிட்டு கையில குடுத்துடுவோம்.

ஆர்டர் பண்றப்ப:
போட்டோவை வாட்ஸ்அப்ல படமா அனுப்பினா சுருங்கி மங்கிடும். டாக்குமெண்ட்டா அனுப்புங்க. ஸ்டேட்டஸ்ல இருந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்தது மக்குக்கே சுமார்தான், ஃப்ரேமுக்கு ஆகாது.
பேரை வாய்ஸ் மெசேஜ்ல சொல்லாம டைப் பண்ணுங்க. சுபஸ்ரீயா சுபாஸ்ரீயான்னு காதுல கேட்டா தெரியாது, பொறிச்சதை அழிக்கவும் முடியாது. நாங்க அனுப்பற மாதிரியைப் பாத்து "ஓகே" சொன்ன பிறகுதான் வேலை ஆரம்பிக்கும். லேட்டா ஓகே சொன்னா டெலிவரியும் லேட்டாகும்.
பேர், போட்டோ போடற பொருளுக்குப் பாதிப் பணம் முன்பணம், கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. கூரியர் தமிழ்நாட்டுக்குள்ள ₹70, கண்ணாடி ஃப்ரேமுக்கு ₹150. பார்சல் பிரிக்கறப்ப வீடியோ எடுத்து வைங்க. உடைஞ்சிருந்தா அதைப் பாத்துட்டு வேற செஞ்சு அனுப்பறோம்.

சாக்லேட் ஹாம்பர் கூரியர்ல மே மாசம் அனுப்பறதில்ல. அக்னி நட்சத்திர வெயில்ல வண்டிக்குள்ளயே உருகிடும். மதுரைக்குள்ள மட்டும், மாலை 5 மணிக்கு மேல கொண்டு வந்து தர்றோம்.

பட்ஜெட்டையும் அம்மா இருக்கற ஊரையும் மெசேஜ் பண்ணுங்க. காலை 10 முதல் ராத்திரி 9 வரை பதில் வரும்.

#அன்னையர்தினம் #அம்மாவுக்கு #மதுரை #சுங்குடி #போட்டோஃப்ரேம்