பெரிய கோயிலுக்கு 1010 என்ற ஆண்டு எங்கிருந்து வந்தது?
(காணொளி உரை: குரலுக்கான முழு வடிவம்)

[திரையில்: விமானத்தின் அடித்தளச் சுவர், பக்கவாட்டில் விழும் காலை வெயில்]

வணக்கம். தஞ்சைப் பெரிய கோயில் கி.பி. 1010-இல் கட்டி முடிக்கப்பட்டது என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். 2010-இல் தஞ்சாவூரில் ஆயிரமாவது ஆண்டு விழா நடந்தது, அஞ்சல் தலையும் வெளியானது. ஆனால் 1010 என்ற எண் அந்தக் கோயிலின் எந்தச் சுவரிலும் இல்லை. இன்றைய பகுதியில், சுவரில் இருப்பது என்ன, அதிலிருந்து அந்த ஆண்டை எப்படிக் கணக்கிட்டார்கள், அந்தக் கணக்கு எதுவரை தாங்கும் என்று பார்ப்போம்.

சோழர் கல்வெட்டுகள் பெரும்பாலும் மன்னரின் ஆட்சியாண்டைத்தான் சொல்கின்றன. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டு ஒன்று, அவரது 25-ஆவது ஆட்சியாண்டின் 275-ஆவது நாளில், விமானத்தின் உச்சியில் உள்ள செம்புத் தண்டான ஸ்தூபித்தறியில் வைப்பதற்காக அவர் ஒரு செப்புக்குடத்தைக் கொடுத்தார் என்று பதிவு செய்கிறது. குடத்தின் நிறை 3,083 பலம். அதன்மேல் போர்த்திய பொன்தகட்டின் நிறை 2,926½ கழஞ்சு. அரைக் கழஞ்சைக்கூட விடாமல் எழுதிய அந்த எழுத்தரின் கவனம், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அதைப் படிக்கும் நமக்கும் வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த நிறைகளை நான் கிலோவாக மாற்றிச் சொல்லவில்லை. அக்காலத்துப் பலமும் கழஞ்சும் இன்றைய அளவில் எவ்வளவு என்பதில் ஒரே முடிவு இல்லாதபோது, கிலோக் கணக்கு பொய்யான துல்லியத்தைத்தான் தரும்.

[திரையில்: ஆட்சியாண்டு 25, நாள் 275]

இனி இந்த ஆட்சியாண்டைக் கிறித்தவ ஆண்டாக மாற்ற வேண்டும். அதற்கு இராசராசன் அரியணை ஏறிய காலம் தெரிய வேண்டும். முடிசூடிய நாளைச் சொல்லும் ஆவணம் நம் கையில் இல்லை. ஆனால் அவரது கல்வெட்டுகள் சில, ஆட்சியாண்டோடு மாதம், கிழமை, பிறை, நட்சத்திரம் ஆகியவற்றையும் தருகின்றன. இவை எல்லாம் ஒருங்கே பொருந்தும் நாட்கள் மிகக் குறைவு. இப்படிப்பட்ட குறிப்புகளைக் கணித்துப் பார்த்த ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன், ஆட்சித் தொடக்கம் கி.பி. 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் அமைய வேண்டும் என்று வரையறுத்தார். அவர் குறித்தது ஒரு மாத இடைவெளியைத்தான், ஒற்றை நாளை அல்ல. நாமும் அதைத் தாண்டிப் போகக் கூடாது.

இங்கே பலர் 985-ஓடு 25-ஐக் கூட்டி 1010 என்கிறார்கள். விடை சரியாக வந்தாலும் வழி தவறானது. 985-இன் நடுவில் தொடங்குவது முதலாம் ஆண்டு என்பதால், 25-ஆவது ஆண்டு 1009-இன் நடுவில் தொடங்குகிறது. அதிலிருந்து 275-ஆவது நாளை எண்ணினால்தான் 1010-க்கு வருகிறோம். ஆட்சி ஜூன் 25-இல் தொடங்கியிருந்தால் அந்த நாள் 1010 மார்ச் 26. ஜூலை 25-இல் தொடங்கியிருந்தால் ஏப்ரல் 25. ஆகவே குடம் கொடுக்கப்பட்டது மார்ச் கடைசி வாரத்துக்கும் ஏப்ரல் கடைசி வாரத்துக்கும் இடையில் ஒரு நாள். இவை ஜூலியன் நாட்காட்டித் தேதிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டியில் ஒவ்வொன்றும் ஆறு நாள் தள்ளி வரும்.

ஆண்டைப் பொறுத்தவரை, அந்த ஒரு மாத இடைவெளியின் எந்த முனையை எடுத்தாலும் 1010-தான் வருகிறது. அதனால் ஆண்டை நான் உறுதியாகச் சொல்கிறேன், மாதத்தை “ஏறத்தாழ” என்ற சொல்லோடு சொல்கிறேன், நாளைச் சொல்வதில்லை. விழா எடுக்கப்பட்ட 2010 செப்டம்பருக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு இல்லை. அது ஆண்டை நினைவுகூர்ந்த விழா என்று கொள்வதே பொருத்தம்.

[திரையில்: கல்வெட்டு வரி, “வைக்கக் குடுத்த செப்புக்குடம்”]

இந்தச் சொற்களைக் கவனியுங்கள். வைத்த குடம் என்று இல்லை, “வைக்கக் குடுத்த” குடம் என்று இருக்கிறது. கொடுத்த நாளைக் கல்வெட்டு சொல்கிறது. குடம் உச்சிக்கு ஏறிய நாளையோ குடமுழுக்கு நடந்த நாளையோ இந்த வரி சொல்லவில்லை. உச்சியில் வைக்கும் குடம் தயாராகிவிட்டது என்றால் விமானம் முடியும் நிலையில் இருந்தது என்று கொள்வது நியாயமான அனுமானம், நானும் அதை ஏற்கிறேன். ஆனால் அது அனுமானம். கல்வெட்டின் கூற்றோடு அதை ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது.

அந்த அனுமானத்துக்கு வலுச் சேர்க்கும் இன்னொரு வரி உண்டு. 26-ஆவது ஆண்டின் 20-ஆவது நாள், அதாவது 1010 ஜூலை நடுவுக்கும் ஆகஸ்டு நடுவுக்கும் இடையில், தஞ்சை அரண்மனையில் வீற்றிருந்த மன்னர் ஓர் ஆணையிடுகிறார்: தாம் எடுப்பித்த கற்றளிக்கு, அதாவது கற்கோயிலுக்கு, “நாங்குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்”, மற்றவர்கள் கொடுத்தனவும் கல்லில் வெட்டப்பட வேண்டும். கொடைகளைச் சுவரில் பதிக்க ஆணையிடும் அளவுக்குச் சுவர் அப்போது நிறைவுற்றிருந்தது. தமக்கை குந்தவையின் கொடை மன்னரின் கொடைக்கு அடுத்தே வருவதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நெகிழ்கிறது.

அதே சுவர் “முடிந்தது” என்ற சொல்லை நாம் எவ்வளவு பொறுப்போடு பயன்படுத்த வேண்டும் என்பதையும் காட்டுகிறது. 29-ஆவது ஆண்டு வரை எழுந்தருளுவிக்கப்பட்ட செப்புத் திருமேனிகளைக் கல்வெட்டுகள் பட்டியலிடுகின்றன. அது 1014 வரை நம்மைக் கொண்டு செல்கிறது. இன்று வளாகத்துக்குள் நுழைந்ததும் நாம் பார்க்கும் பெரிய நந்தியும், நுண்ணிய வேலைப்பாடு கொண்ட முருகன் சன்னதியும் நாயக்கர் காலத்தவை. அம்மன் சன்னதியும் சோழப் பெருமன்னனின் காலத்துக்குப் பிந்தியது. எனவே 1010 என்பது விமானத்துக்குப் பொருந்தும் ஆண்டு, வளாகம் முழுவதற்கும் அல்ல.

கட்டத் தொடங்கிய ஆண்டாக 1003 என்று இணையத்தில் பரவலாகச் சொல்லப்படுகிறது. கோயிலின் தொடக்க நாளைக் குறிக்கும் கல்வெட்டு கிடைக்காத நிலையில், ஆய்வாளர்கள் பின்னோக்கி ஊகித்துச் சொல்லும் ஆண்டு அது. “ஏழே ஆண்டுகளில் கட்டினார்” என்ற பெருமிதமும் அந்த ஊகத்தின் மேல்தான் நிற்கிறது. அதை நான் இந்தக் காணொளியில் சொல்லப் போவதில்லை.

கட்டியவர் யார் என்பதே ஒரு காலத்தில் கேள்வியாக இருந்தது. தலபுராணம் கரிகாலனைச் சொன்னது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஸ் இந்தக் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பிறகே, “நாம் எடுப்பிச்ச” என்று மன்னரே சொல்லும் வரி பரவலாகத் தெரிய வந்து, இராசராசனின் பெயர் ஐயமின்றி நிலைபெற்றது.

[திரையில்: திருத்தம்]

ஒரு திருத்தம். சென்ற மாதக் குறுங்காணொளியில், “1010-இல் 275-ஆவது நாள் குடமுழுக்கு நடந்தது” என்று நான் சொல்லியிருந்தேன். அதில் இரண்டு பிழைகள் இருந்தன. 275 என்பது ஆட்சியாண்டின் நாள், 1010-ஆம் ஆண்டின் நாள் அல்ல. கல்வெட்டு சொல்வது குடக்கொடையை, குடமுழுக்கை அல்ல. அந்தக் காணொளியின் விளக்கப் பகுதியில் இத்திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன். அதைப் பகிர்ந்தவர்கள், அதைப் பெற்றவர்களுக்கு இதையும் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.